ஐந்தாம் வகுப்பு வீட்டுப்பாடம்: வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் சில யோசனைகள்

எல்லாருக்கும் வணக்கம், நான் ஆதிரா அப்பா. வீட்டுப்பாடம் பற்றி நேற்று ராத்திரியிலிருந்து நம் பெற்றோர் குழுவில் வந்ததையெல்லாம் வாய்ஸ் மெசேஜ்கள் உட்பட இப்போதுதான் முழுசாகப் படித்தும் கேட்டும் முடித்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், வேலை நடுவில் இருப்பவர்கள் சாயங்காலம் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடம் அதிகம் என்று கவின் அம்மா சொன்னதும் நிஜம், அது வேண்டும் என்று நிலா அப்பா சொன்னதும் நிஜம். கவின் ராத்திரி பத்து மணிக்கு நோட்டின் மேலேயே தூங்கிப்போகிறான் என்றால் அதற்கு "நீங்கள் சரியாக உட்கார வைக்கவில்லை" என்பது பதில் இல்லை. அதே மாதிரி, வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் தன் பெண் புத்தகத்தையே தொட மாட்டாள், டியூஷனுக்கு அனுப்பும் வசதியும் இல்லை, டைரியில் இருக்கும் அந்த நாலு வரிதான் தனக்கு ஒரே பிடி என்று நிலா அப்பா சொன்னதைக் கிண்டல் செய்ததும் நன்றாக இல்லை. அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

நேற்று "அதிகம்", "கம்மி" என்று நூறு மெசேஜுக்கு மேல் ஓடியிருக்கிறது, ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. "ராத்திரி முழுக்க" என்கிறார் ஒருவர், "அரை மணியில் முடிந்துவிடும்" என்கிறார் இன்னொருவர். இரண்டும் ஒரே நாளில், ஒரே டைரியைப் பற்றி! உட்கார்ந்த நேரமா, எழுதிய நேரமா, அழுத நேரத்தையும் சேர்த்தா என்று தெரியாமல் இதை வைத்துக்கொண்டு பள்ளியில் போய்ப் பேசினால், "எல்லாப் பெற்றோரும் அப்படிச் சொல்லவில்லையே" என்ற ஒரே வரியில் நம்மை அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பு இருக்காது.

இன்னொன்று. ஆதிராவின் டைரியை இந்த மாதம் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். திங்கட்கிழமை பெரும்பாலும் ஒன்றுமே இல்லை அல்லது ஒரே ஒரு பாடம். செவ்வாயும் வியாழனும்தான் சிக்கல். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றும் அந்த இரண்டு நாளில்தான் விழுகின்றன, அதன் மேல் தமிழில் பார்த்து எழுதும் வேலை வேறு. இதில் ஒவ்வொரு ஆசிரியரும் தனியாகக் கொடுத்தது நியாயமான அளவுதான். கணக்கு மிஸ் கொடுத்த பதினைந்து கணக்கு அவருக்கு இருபத்தைந்து நிமிட வேலை, அறிவியல் சார் கொடுத்த கேள்வி பதில் அவருக்கு இருபது நிமிட வேலை. நாலு பேர் கொடுத்ததும் ஒரே பையில், ஒரே ராத்திரியில் வந்து சேர்கிறது என்பது அவர்களில் யாருக்கும் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அதனால் "அந்த மிஸ்ஸுக்கு இரக்கமே இல்லை" என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். ஸ்க்ரீன்ஷாட் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, அடுத்த நாள் அவர் முன்னால் உட்காரப் போவது நம் குழந்தைகள்.

எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்டீர்கள். இதற்கு ஒரு பொதுவான அளவுகோல் இருக்கிறது: வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கு. ஒன்றாம் வகுப்புக்குப் பத்து, ஐந்தாம் வகுப்புக்கு ஐம்பது, எல்லாப் பாடமும் சேர்த்து. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிஸ் கூப்பர் இதற்கு ஆதரவாகப் பேசியவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் வீட்டுப்பாடம் பற்றிய பல வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏழாம் வகுப்பிலிருந்து நன்றாகத் தெரிகிறது, அதற்குக் கீழே ரொம்ப பலவீனமாக இருக்கிறது என்பது அதில் வந்தது. இதைக் காட்டி "பார்த்தீர்களா, வேண்டவே வேண்டாம்" என்று யாரும் கிளம்ப வேண்டாம், கூப்பரே அப்படிச் சொல்லவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால்தான் மதிப்பெண் வரும் என்று சொல்ல ஆதாரம் கிடையாது என்பதற்கு மட்டும் இது போதும்.

தூக்கமும் இந்தக் கணக்கில் வர வேண்டும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் பரிந்துரைத்தது. காலையில் ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தாலே அதில் குறைந்தபட்சம்தான் கிடைக்கிறது. பத்தரைக்குப் படுத்தால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது, அளவை விட எனக்கு முக்கியமாகப் படுவது என்ன மாதிரி வேலை கொடுக்கிறார்கள் என்பது. அறிவியலில் வகுப்பில் ஏற்கெனவே எழுதிய கேள்வி பதிலை வீட்டில் இன்னொரு நோட்டில் அப்படியே எழுதச் சொல்கிறார்கள், அதற்கு மட்டும் முப்பது நாற்பது நிமிடம் போகிறது. கை வலிக்கிறதே தவிர மண்டையில் ஒன்றும் ஏறுவதில்லை. எழுதும்போது ஆதிரா பக்கத்து அறையில் நாங்கள் பேசுவதற்கு நடுநடுவே பதில் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள், அவ்வளவு கவனம்! அதற்குப் பதிலாக நோட்டை மூடி வைத்துவிட்டு ஐந்து கேள்விக்கு நினைவிலிருந்து பதில் எழுதச் சொன்னால், அப்புறம் நோட்டைத் திறந்து தானே திருத்தச் சொன்னால், பதினைந்து நிமிடத்தில் முடியும், மனதிலும் நிற்கும். படித்ததையே திரும்பப் படிப்பதை விட, பார்க்காமல் நினைவுபடுத்திப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நினைவில் வைக்க உதவுகிறது என்பது ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில் வந்தது. சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் கல்லூரி மாணவர்கள்தான், ஆனாலும் நம் வீட்டில் பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வி கேட்பது எதற்காக?

கணக்கிலும் அதே கதைதான். ஒரே மாதிரிப் பின்னக் கூட்டல் பதினைந்து போட்டால் நாலாவதுக்கு மேல் யோசனையே இல்லை. இன்றையது நாலு, போன வாரத்தது இரண்டு, போன மாதத்தது ஒன்று என்று கலந்து ஏழு கொடுத்தால் எண்ணிக்கை பாதியாகும், ஆனால் வேலை லேசாகாது. நிலா அப்பா, நீங்கள் கேட்ட பயிற்சி இதில் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ப்ராஜெக்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போன தடவை சார்ட் யார் வீட்டில் யார் செய்தார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும் (எரிமலை செய்த சித்தப்பாவுக்கு என் வாழ்த்துகள், நிஜமாகவே புகை வந்தது). ப்ராஜெக்டை வகுப்பிலேயே செய்ய வைக்கலாம், இல்லையென்றால் இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லட்டும்.

அப்புறம், வீட்டுப்பாடம் முடிக்காததற்கு இம்போசிஷன் கொடுப்பது. இதை மட்டும் நான் கொஞ்சம் அழுத்தியே கேட்கப் போகிறேன். முடிக்க முடியாத குழந்தைக்கு மறுநாள் வேலை இரட்டிப்பாகிறது, அதுவும் முடியாது, அதற்கும் தண்டனை. புரியாமல் விட்டதா, நேரம் போதாமல் விட்டதா, சோம்பேறித்தனமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும். ஐம்பது நிமிடம் உண்மையாக உட்கார்ந்தும் முடியவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டு, நேரத்தை எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று பள்ளி ஒப்புக்கொண்டால் போதும், பாதிச் சண்டை வீட்டிலேயே அடங்கிவிடும். ஏமாற்றுவார்களே என்று சிலர் கேட்பீர்கள். ஒரு சிலர் செய்யலாம்தான். ஆனால் தினமும் எந்தக் கணக்கில் கோடு விழுகிறது என்று பார்த்தால், எந்தப் பாடம் வகுப்புக்கே புரியவில்லை என்று மிஸ்ஸுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியதையும் சொல்ல வேண்டும் இல்லையா. இந்தத் திங்களிலிருந்து வியாழன் வரை ஒவ்வொரு வீட்டிலும் பாடம் வாரியாக நிமிடத்தைக் குறித்து வையுங்கள். டிவி ஓடாத நேரம், போன் பக்கத்தில் இல்லாத நேரம், நாம் சொல்லிக்கொடுத்த நேரம் தனியாக. குறைத்தும் எழுத வேண்டாம், கூட்டியும் எழுத வேண்டாம். அரை மணியில் முடிக்கும் பிள்ளைகளின் கணக்கும் கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் இது வெறும் புகார்ப் பட்டியல் ஆகிவிடும். இங்கே போட விருப்பமில்லாதவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெயர் இல்லாமல்தான் தொகுப்பேன். மற்ற வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட யாருக்கும் இதில் வேலை இல்லை.

வகுப்பாசிரியருக்கு எல்லார் சார்பிலும் இப்படி ஒன்று அனுப்பலாம் என்று நினைக்கிறேன், மாற்ற வேண்டியதைச் சொல்லுங்கள்:

"வணக்கம் மிஸ். ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் சார்பில் எழுதுகிறோம். வீட்டுப்பாடம் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. செவ்வாய், வியாழன் இரு நாட்களிலும் பல பாடங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் சில பிள்ளைகளால் தூங்கும் நேரத்துக்குள் முடிக்க முடியவில்லை. நான்கு நாட்கள் வீட்டில் ஆகும் நேரத்தைக் குறித்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். அன்றன்று கொடுக்கப்படும் வேலையை எல்லா ஆசிரியர்களும் பார்க்கும்படி வகுப்புப் பலகையின் ஓரத்தில் எழுதி வைக்க முடியுமா என்றும், மொத்தம் ஐம்பது நிமிடத்துக்குள் வரும்படி பாடங்களை நாட்களுக்குப் பிரித்துக்கொள்ள முடியுமா என்றும் பேச விரும்புகிறோம். ஒரு மாதம் சோதனையாகச் செய்து பார்த்துவிட்டு மறுபடி பேசலாம். உங்கள் பக்கத்துச் சிரமங்களையும் அறிய விரும்புகிறோம். நன்றி."

பலகை ஓரத்தில் எழுதுவது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அடுத்து வரும் ஆசிரியர் "ஓ, ஏற்கெனவே இரண்டு இருக்கிறதா" என்று பார்த்துவிட்டுத் தன்னுடையதைத் திங்கட்கிழமைக்குத் தள்ள அதுவே போதும். புது ஆப் எல்லாம் வேண்டாம், ஏற்கெனவே இருப்பதையே பாதிப் பேர் திறப்பதில்லை.

கூட்டத்தில் மூன்று பேர் பேசினால் போதும். நிலா அப்பா கண்டிப்பாக வர வேண்டும், வீட்டுப்பாடம் வேண்டும் என்று சொல்பவரே "ஆனால் இப்படிப் பிரித்துக் கொடுங்கள்" என்று கேட்டால் அதற்கு எடை அதிகம். கவின் அம்மாவும் வரட்டும். வெள்ளி சாயங்காலம் அவருக்கு முடியாது என்றால் சொல்லுங்கள், நான் போகிறேன். தலைமையாசிரியரிடம் நேராகப் போகலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள், வகுப்பாசிரியரிடம் பேசாமல் மேலே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றால் அப்புறம் அதைப் பார்ப்போம்.

கடிதத்தில் திருத்தம் இருந்தால் நாளை ராத்திரி எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் இப்படியே அனுப்பிவிடுகிறேன். நிமிடக் கணக்கு வியாழன் ராத்திரி எனக்கு வந்தால் போதும், வெறும் கட்டைவிரல் மட்டும் அனுப்ப வேண்டாம்.