காசநோய் மருந்துகள்: இந்த வாரம் யாருக்கு என்ன வேலை

அடுத்த திங்கள் பார்மகாலஜி இன்டர்னல். இந்த வாரம் காசநோய் மருந்துகள் பாடம் மட்டும்தான், வேறு எதையும் தொடவில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டதும் மாடி ரீடிங் ரூம், இரவு 8:30 முதல் 9:30 வரை.

டையூரெடிக்ஸ் படித்தபோது நடந்தது ஞாபகம் இருக்கும். நன்றாகத் தெரிந்த கவிதா பேசினாள், நாம் நாலு பேரும் தலையாட்டினோம். வைவாவில் வாய் திறந்ததும் கவிதா மட்டும்தான். அதனால் இந்தத் தடவை எந்த மருந்தில் யார் தடுமாறுகிறாளோ அவளே அதை எடுக்க வேண்டும்.

பாடம் எடுப்பவள் 25 நிமிடம் பேசுவாள், கையில் குறிப்பு கிடையாது. ஒருத்தி நோயாளி, அவளிடம் பேச்சுத் தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருத்தி காதில் விழுந்ததை மட்டும் போர்டில் எழுதுவாள். ஒருத்தி எக்ஸாமினர். புத்தகம் ஐந்தாவது ஆளிடம் மட்டும் திறந்திருக்கும். கடைசிப் பத்து நிமிடம் வரை அவள் மூச்சு விடக் கூடாது, அப்புறம் தவறுகளை வாசிப்பாள். போர்டு, எக்ஸாமினர், புத்தகம் மூன்றுக்கும் தினமும் சீட்டு.

திங்கள்: ஐசோனியசிட், ஜெனி. மைக்கோலிக் அமிலத் தடை, katG மாற்றத்தால் வரும் எதிர்ப்பு, மெதுவான அசிட்டிலேட்டர்கள். நோயாளி மலர்: “பாதம் எரியுது டாக்டர், மரத்துப் போகுது.” பைரிடாக்சின் எதற்கு என்று அங்கே வரவேண்டும்.

செவ்வாய்: ரிஃபாம்பிசின், ஷாஹினா. வைவாவில் அதிகம் கேட்பது இதுதான், ஒரு மணி நேரமும் இதற்கே. ஆர்என்ஏ பாலிமரேஸை எப்படித் தடுக்கிறது என்பதைப் படம் போட்டுச் சொல்ல வேண்டும். நோயாளி கவிதா: “ஒன்னுக்கு ரத்தம் மாதிரி போகுது, பயந்து மாத்திரையை நிறுத்திட்டேன்.” அவளைச் சமாதானப்படுத்தி முடித்ததும், தான் கருத்தடை மாத்திரை எடுப்பதாகச் சொல்வாள். என்சைம் இன்டக்‌ஷன் என்ற வார்த்தையே இல்லாமல் ஷாஹினா அதை விளக்க வேண்டும். எனக்கு இதைப் பார்க்கத்தான் ஆசை.

புதன்: பைரசினமைடு கவிதா (யூரிக் அமிலம், மூட்டு வலி), எதாம்பியூட்டால் மலர் (பார்வை, சிவப்பு-பச்சைக் குழப்பம்). ஆளுக்குப் பாதி நேரம். நோயாளி ஜெனி.

வியாழன்: பெடாகுயிலின், லினிசோலிட், நான். பெடாகுயிலினுக்கு ஏடிபி சின்தேஸும் க்யூடி நீளுவதும் போதும். நோயாளி ஷாஹினா.

வெள்ளி: லீவு. ரெக்கார்டு பாக்கி இருப்பவர்கள் எழுதி முடியுங்கள். (நான்தான்.)

சனி, மதியம் 3 மணி: யார் எந்த மருந்து என்பது சீட்டில் வரும், தான் எடுத்ததே வந்தால் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் 2HRZE, 4HRE அட்டவணையைப் பார்க்காமல் எழுதுவோம். கடைசியாக ஒரு கேஸ்: மருந்து தொடங்கி மூன்று வாரம், கண் மஞ்சள், வாந்தி. நான்கில் கல்லீரலைக் கெடுக்கும் மூன்று எவை, எதை உடனே நிறுத்துவது, திரும்ப எப்படித் தொடங்குவது? தனித்தனியாக எழுதி, பிறகு சண்டை போடலாம்.

தாமதமாக வருபவள் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். மலர், சில்லறை எடுத்து வை.