பள்ளி நூலகம்: செல்வாக்கு, ஆர்வக் கட்டம்

காங்கேயம் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், பூட்டிக் கிடக்கும் பழைய வகுப்பறையை நூலகமாக்கும் வேலையில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு, எவ்வளவு ஆர்வம் என்று பார்க்கப் பள்ளி மேலாண்மைக் குழு தயாரித்த கட்டம் இது.

| | ஆர்வம் குறைவு | ஆர்வம் அதிகம் |
|---|---|---|
| செல்வாக்கு அதிகம் | ஒன்றியப் பொறியாளர், தேங்காய்க் களத்துக்காரர் | தலைமை ஆசிரியர், குழுத் தலைவி |
| செல்வாக்கு குறைவு | பள்ளியை ஒட்டிய கடைக்காரர்கள் | பிள்ளைகள், களத்து வேலைக்குப் போகும் தாய்மார்கள் |

தலைமை ஆசிரியரோடு வாராவாரம் பேசுகிறோம். அதில் சிக்கல் இல்லை. கடைக்காரர்களுக்குத் தகவல் சொன்னால் போதும்.

கவலை மேல் இடது கட்டத்தில்தான். கட்டடம் ஒன்றியத்துடையது, பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஒரு கூரை ஓடுகூட மாற்ற முடியாது. களத்துக்காரர் அலமாரிக்குப் பணம் தரக்கூடியவர், ஆனால் இதுவரை யாரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. அவர் களத்தில் தேங்காய் உடைக்கும் பெண்களின் பிள்ளைகள்தான் இங்கே படிக்கிறார்கள். தலைவி அந்தத் தாய்மார்களோடு நேரில் போக வேண்டும். கடிதம் வேலைக்கு ஆகாது.

கீழ் வலது கட்டத்தைச் செல்வாக்கில்லை என்று ஒதுக்குவது பெரிய தப்பு. அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மணிவரை திறப்பதா என்பதை அவர்களைக் கேட்டே முடிவு செய்வோம். வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படப் புத்தகமும் வேண்டும்.

முதல் வேலை: பொறியாளரை அழைத்து வந்து கூரையைக் காட்டுவது. பொறுப்பு: தலைமை ஆசிரியர்.