தறிக்கூடத்திலிருந்து செக்கிங் பிரிவுக்கு மாற்றித் தரக் கோரி விண்ணப்பம்

பல்லடம்
12.08.2024

அனுப்புநர்
சு. முருகேசன்,
டோக்கன் எண் 214,
நெசவாளர், தறிக்கூடம்.

பெறுநர்
ஆலை மேலாளர் அவர்கள்.

பொருள்: காது கேட்கும் திறன் குறைந்ததால் சத்தம் குறைந்த இடத்தில் வேலை கேட்பது.

ஐயா,

வணக்கம். நம் ஆலைத் தறிக்கூடத்தில் 2007 முதல் நெசவாளராக இருக்கிறேன். எனக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்பதில்லை. போன மாதம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்த டாக்டர், இது சத்தத்தால் வந்த பாதிப்பு, இனித் தறிக்கூடத்தில் நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால் என்னைத் துணி செக்கிங் பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பரிசோதனையில் 500 ஹெர்ட்ஸில் இரண்டு காதும் ஓரளவு சரியாக இருக்கின்றன. 4000 ஹெர்ட்ஸில் வலது காதில் 65 டெசிபல், இடது காதில் 60 டெசிபல் இழப்பு. எதிரில் ஒருவர் பேசினால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. "கட்டு" என்றாலும் "தட்டு" என்றாலும் எனக்கு ஒரே மாதிரிதான் விழுகிறது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் பெண் வந்து சொன்னால்தான் தெரியும். ராத்திரி படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்துவது போல விடாமல் ஓர் இரைச்சல். காதின் உள்ளே கெட்டுப்போன அந்த நுண்ணிய செல்கள் திரும்ப முளைக்காது, மருந்தோ ஆபரேஷனோ இதற்குக் கிடையாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி என்றார் டாக்டர்.

நான் சேர்ந்த புதிதில் பழைய நாடாத் தறிகள் ஓடின. அப்போது காதில் வைக்க எதுவும் தரவில்லை. கழிவுப் பஞ்சைத் திரித்து வைத்துக்கொள்வோம், அது சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது என்று எங்களுக்குத் தெரியாது. காதடைப்பான் வந்தது 2019-இல்தான். ரேப்பியர் தறிகள் வந்த பிறகும் என் வரிசையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 96 டெசிபல் காட்டியது. விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை, 95 என்றால் நான்கு மணி நேரம்தான் நிற்கலாம். சத்தத்தால் காது கேளாமை வருவதும் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக இருக்கிறது. வழக்குப் போட இதைச் சொல்லவில்லை ஐயா. வயதானதால் வந்த குறை என்று என் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

காதடைப்பானோடு அங்கேயே தொடரலாமே என்று சூப்பர்வைசர் கேட்டார். அதை வைத்தால் எனக்கு மனிதக் குரலே கேட்பதில்லை. ஜூலை 18, இரண்டாவது ஷிஃப்ட்டில், அறுந்த பாவு நூலைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தேன். பின்னால் பீம் டிராலி வந்தது. தள்ளி வந்தவர் இரண்டு முறை கத்தியிருக்கிறார். பக்கத்துத் தறிக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் கால் தப்பியது. அன்றிலிருந்து வேலைக்கு நடுவில் நிமிஷத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இது எனக்கு மட்டுமல்ல, டிராலி தள்ளுகிறவருக்கும் ஆபத்து.

செக்கிங் பிரிவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அந்த வேலை கண்ணுக்கும் கைக்கும்தான். விளக்கு மேஜையில் துணி ஓடும்போது ஊடை விட்டிருப்பதையும் பாவு அறுந்திருப்பதையும் பார்த்த உடனே, எந்தத் தறியில் எதனால் வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் தறிக்கூடக் கதவை ஒட்டிய மேஜைகளில் சத்தம் குறைவில்லை, கம்ப்ரஸர் அறைப் பக்கமும் அப்படியே. வடக்கு ஜன்னல் ஓரத்தில் இருக்கும் கடைசி மேஜை கிடைத்தால் நல்லது. இடத்தை முடிவு செய்யும் முன் மீட்டரை அங்கும் ஒரு முறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தறியில் மீட்டர் கணக்குக் கூலி, செக்கிங்கில் நாள் கூலி, அது குறைவு. வேலை செய்ததால் வந்த குறைக்காக வருமானமும் குறையாமல், கடந்த ஆறு மாத சராசரியை நிர்ணயித்துத் தர வேண்டுகிறேன். பணிமூப்பும் தொடர வேண்டும். அப்புறம், அங்கே என்னிடம் சொல்ல வேண்டியதை முன்னால் வந்து நின்று சொல்லும்படியும், ரோல் நம்பர்களைச் சீட்டில் எழுதித் தரும்படியும் சொல்லிவைத்தால் தவறு நேராது.

என் தறிகளைப் புதிதாக எடுப்பவருக்கு இரண்டு வாரம் கூட நின்று சொல்லித் தருகிறேன். அந்த நாட்களிலும் பாதி ஷிஃப்ட் மட்டும் உள்ளே இருக்க அனுமதி வேண்டும். இந்த மாதம் 31-ஆம் தேதிக்குள் பதிலை எழுத்தில் தாருங்கள். நேரில் பேச அழைத்தால் தறிக்கூடத்தில் வேண்டாம், உங்கள் அறையில் பேசலாம். அங்கே உங்கள் முகம் பார்த்துப் பேசினால் எனக்குப் புரியும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
சு. முருகேசன்

இணைப்பு: ஆடியோகிராம் நகல், டாக்டர் எழுதிக் கொடுத்த சான்று நகல்.