பதினொன்று பத்துக்குப் பிறகு

நேரம் இரவு பத்து ஐம்பத்தைந்து. மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து மத்திய அலையில் பேசுகிறேன், உங்கள் கலைச்செல்வி.

பதினொன்று பத்தோடு இந்த நிலையம் மூடப்படுகிறது. பண்பலை வந்துவிட்டது, மத்திய அலைக்குக் கரண்ட் செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். கணக்கு சரிதான். பிரிவுரை ஒன்று எழுதித் தந்திருக்கிறார்கள், இரண்டு பக்கம். அதை எடுப்பதற்கு முன்னால் ஒரு அறிவிப்பு.

தருவைக்குளத்திலிருந்து கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன விசைப்படகு, 'அன்னை சகாயம்'. ஓட்டுநர் சூசை, கூட ஆறு பேர். துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. வாடை பலமாக எழும்பும். பக்கத்தில் எது இருக்கிறதோ, விழிஞ்ஞமோ கொச்சியோ, அங்கே ஒதுங்குங்கள். கேட்கிற மற்ற படகுக்காரர்கள் தயவுசெய்து வயர்லெஸ்ஸில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சூசையின் வீட்டம்மா சாயந்தரத்திலிருந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மைக்கில் பேசுகிறீர்களா அக்கா என்று கேட்டேன். "நீயே சொல்லு தாயி, உன் குரல்தான் அவருக்குப் பழக்கம்" என்றுவிட்டார்.

(தாள் புரளும் ஓசை)

பிரிவுரை... இருக்கட்டும்.

கடலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், கரையில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ராத்திரியில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பும். பகலில் எட்டாத தூரத்துக்கும் போகும். பண்பலைக்கு அந்த ஓட்டம் கிடையாது. இன்னொன்று, டிரான்சிஸ்டரைக் கையில் வைத்து மெதுவாகத் திருப்பினால் ஒரு வாக்கில் சத்தம் அடங்கும். உள்ளே இருக்கிற கம்பியின் முனை அப்போது எங்கள் கோபுரத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம். திசைகாட்டி கெட்டுப்போன ராத்திரியில் அப்படிக் கரை பார்த்து வந்தவர்கள் இங்கே தேடி வந்து மீன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீலா மீன். நிலையக் கணக்கில் அதெல்லாம் ஏறவில்லை.

(கதவு திறக்கும் ஓசை)

எங்கள் டிரான்ஸ்மிட்டர் அறை மார்க் அண்ணன் வந்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் இவர் குரலை நீங்கள் கேட்டதே இல்லை. அண்ணே, ஒரு வார்த்தை?

(இடைவெளி)

மாட்டேன் என்று தலையாட்டுகிறார். ஒரு சீட்டுதான் தருகிறார். வாசிக்கிறேன்: "நிகழ்ச்சியை 11.10க்கு நிறுத்தணும்னுதான் உத்தரவு. டிரான்ஸ்மிட்டரை எப்ப அணைக்கணும்னு அதில போடல. காலையில ஆபீசர் வர்ற வரைக்கும் டோன் ஓடும்."

சூசை அண்ணே, கேட்டுக்கொண்டீர்களா? பதினொன்று பத்துக்குப் பிறகு பேச்சு இருக்காது, ஒரே சீரான 'ங்' சத்தம் மட்டும் வரும். செட் பழுது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள். அடங்குகிற வாக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி குறைவாக இருந்தால் மணிக்கு ஒரு தடவை போட்டால் போதும்.

இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது. அறிவிப்பை மறுபடியும் வாசிக்கிறேன். தருவைக்குளத்திலிருந்து கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன விசைப்படகு...