வாடகைக்குப் புதிய வங்கிக் கணக்கு, ஆகஸ்ட் முதல்: இந்த மின்னஞ்சலை மட்டும் நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்

பெறுநர்: நங்கநல்லூர் வீட்டின் ஐந்து குடித்தனத்தாருக்கும்
அனுப்புநர்: இரா. விசுவநாதன், ஸ்ரீரங்கம்
நாள்: 12 ஜூன் 2026, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். வாடகை வாங்கும் வங்கிக் கணக்கை மாற்றுகிறேன். ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் தர வேண்டிய வாடகையிலிருந்து புதிய கணக்கில் போட்டால் போதும். ஜூலை வாடகையை எப்போதும்போலப் பழைய கணக்கிலேயே போடுங்கள். பழைய கணக்கைச் செப்டம்பர் 30 வரை மூடப்போவதில்லை. ஆகவே யாரும் ஓட வேண்டாம், இன்றே எதையும் மாற்றவும் வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நீங்கள் பணம் போடும் ஸ்டேட் வங்கிக் கணக்கு நானும் என் மனைவியும் சேர்ந்து தொடங்கியது. அவள் போன பிறகு அதை அப்படியே நடத்திக்கொண்டிருந்தேன். இனிமேல் வீட்டுக் கணக்கை மகளும் பார்க்கட்டும் என்று, இந்தியன் வங்கியின் ஸ்ரீரங்கம் கிளையில் என் பெயரை முதலாகவும் மகள் பெயரை இரண்டாவதாகவும் வைத்துப் புதிய கணக்கு தொடங்கியிருக்கிறேன். வீடு என் பெயரில்தான் இருக்கிறது. விற்கவோ வேறு யாரிடமும் ஒப்படைக்கவோ போவதில்லை. வாடகைத் தொகையும் முன்பணமும் ஒப்பந்தமும் மாறவில்லை.

புதிய கணக்கின் எண் எங்கே என்று இந்தக் கடிதத்தில் தேடாதீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

சென்ற மாதம், முதல் மாடி கவிதா அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. படம் என்னுடையது, பேரன் பிறந்தநாளில் எடுத்த அதே படம். எண் மட்டும் வேறு. "டியர் மேடம், பழைய அக்கவுண்ட் முடங்கிவிட்டது, இந்த மாத வாடகையை மாலைக்குள் இந்தக் கணக்கில் போடவும், நான் மருத்துவமனையில் இருப்பதால் போன் எடுக்க இயலாது" என்று எழுதியிருந்தது. கவிதா அம்மா உடனே என் பழைய எண்ணுக்கு அழைத்தார். நான் மருத்துவமனையில் இல்லை, வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "ஏழு வருடமாக என்னைக் கவிதா அம்மா என்றுதான் கூப்பிடுகிறீர்கள், மேடம் என்றதும் சந்தேகம் வந்துவிட்டது" என்றார். இருபத்திரண்டாயிரம் ரூபாய் அன்று ஒரு சொல்லால் தப்பியது. அடுத்த முறை அந்த ஆள் சரியான சொல்லைப் பிடித்துவிடலாம். என் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைந்து, நான் எழுதுவதைப் போலவே எழுதலாம். ஆகவே இந்த மின்னஞ்சல் உட்பட, கணக்கு எண்ணைச் சுமந்துவரும் எந்தச் செய்தியையும் அது வந்த வழியிலேயே நம்ப வேண்டாம்.

அஞ்சல் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மணியார்டர் காலத்தில், பணம் போய்ச் சேர்ந்தால் வாங்கியவர் கையெழுத்தோடு ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பி வரும். ஊரிலிருக்கும் தாய்க்கு மாதாமாதம் பணம் அனுப்பும் ஒரு பெண், அந்தச் சீட்டை வாங்கியதும் முதலில் கைநாட்டைத்தான் பார்ப்பார். பெருவிரலில் பழைய அரிவாள்மணை வெட்டு ஒன்று குறுக்கே ஓடும். அந்தக் கோடு தெரிந்தால்தான் மடித்துப் பைக்குள் வைப்பார். இப்போது நான் உங்களைச் செய்யச் சொல்வதும் அதே வேலைதான்.

முதலில் கடிதம். புதிய கணக்கின் எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, பெயர் ஆகியவற்றைத் தாளில் எழுதி, நீல மையில் கையெழுத்திட்டு, வீட்டுக்கு ஒன்றாக உறையில் போட்டு நானே கொண்டுவருகிறேன். ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி முதல் 1 மணி வரை தரைத்தளத்தில் என் தங்கை வீட்டில் இருப்பேன். அன்று ஊரில் இல்லாதவர்களின் உறையைத் தங்கையிடம் விட்டுச்செல்வேன். அவள் கையிலிருந்து உங்கள் கைக்குத்தான் வரும், கதவிடுக்கில் செருகப்பட்டிருந்தால் அது என்னுடையது அல்ல. கையெழுத்தை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தின் ஆறாம் பத்தியில் பழைய கணக்கு எண் இருப்பதால், மாற்றத்தைக் குறிக்கும் ஒரு பக்க இணைப்பும் அந்த உறையில் இருக்கும். இரண்டு பிரதிகளிலும் கையெழுத்திட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தொலைபேசி. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே இருக்கும் கைப்பேசி எண்ணுக்கு நீங்கள் அழையுங்கள். அந்த எண்ணையும் இங்கே எழுதவில்லை, காரணம் புரிந்திருக்கும். நான் அழைத்ததாக ஓர் அழைப்பு வந்தால் எடுத்துப் பேசிவிட்டு, வைத்துவிட்டு, நீங்கள் திரும்ப அழையுங்கள்; கோபித்துக்கொள்ள மாட்டேன். பேசும்போது கடிதத்தில் உள்ள கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை நீங்கள் வாசியுங்கள். அதற்கு முந்தைய நான்கு இலக்கங்களை நான் சொல்கிறேன். இரண்டும் பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள், எனக்கு வேண்டும். மாலை 4 மணிக்கு மேல் அழைத்தால் நல்லது. மதியம் தூங்குவேன்.

மூன்றாவதாக, வாடகை முழுவதையும் போடுவதற்கு முன் 11 ரூபாய் மட்டும் அனுப்பிப் பாருங்கள். மொய் வைப்பது போலத்தான், ஆகஸ்ட் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். குறிப்புப் பகுதியில் உங்கள் வீட்டு எண்ணைப் போடுங்கள். வந்து சேர்ந்ததும் எத்தனை மணிக்கு வந்தது என்று உங்களிடம் பேசிச் சொல்வேன். "வந்துவிட்டது" என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயரைக் கட்டாயம் படியுங்கள். VISWANATHAN R என்று வரவேண்டும். வேறு பெயரோ, ஏதாவது ஒரு கடையின் பெயரோ வந்தால் நிறுத்திவிடுங்கள். முன்பெல்லாம் வங்கி இணையதளத்தில் நெஃப்ட் வழியாக அனுப்பும்போது பெயரை நாமே தட்டச்சு செய்வோம்; பணமோ கணக்கு எண்ணை மட்டும் பார்த்துப் போய்ச் சேரும். பெயர் விசுவநாதன் என்றிருந்தாலும் எண் திருடனுடையதாக இருந்தால் திருடனுக்குத்தான் போகும். அனுப்பும் முன்பே பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்ன பிறகுதான் இந்தக் குறை தீர்ந்தது. வசதி வந்தாலும், அந்தத் திரையைப் படிக்காமல் தட்டிவிட்டால் பயனில்லை. ஐஎஃப்எஸ்சி குறியீடு பதினொரு எழுத்து கொண்டது. IDIB என்று தொடங்கும். ஐந்தாவதாக வருவது சுழியம், ஆங்கில எழுத்து O அல்ல. இதில் நானே இரண்டு முறை தவறினேன்.

புதிதாகச் சேர்க்கும் கணக்குக்கு முதல் நாளில் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை. ஆகஸ்ட் 5 மாலை சேர்த்துவிட்டு, "சார், போகவில்லை" என்று சொல்லாமல் ஜூலையிலேயே சேர்த்துவிடுங்கள். இரண்டாம் மாடி இம்ரான் தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை: உங்கள் வங்கியில் மாதம் 3ஆம் தேதி தானாகப் போகும்படி வைத்திருக்கிறீர்கள். ஜூலை 3 போனதும் அதை நிறுத்திவிட்டுப் புதிதாக வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கணக்கிலும் வாடகை விழும். எனக்கு மகிழ்ச்சிதான், உங்களுக்கு இருக்காது.

மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை பழைய கணக்குக்கானது. 21ஆம் தேதி அதை நானே பிய்த்துவிடுவேன். அங்கே புதிய அட்டை எதையும் ஒட்டப்போவதில்லை. பொதுச் சுவரில் இருப்பதன் மேல் யார் வேண்டுமானாலும் இன்னொன்றை ஒட்டிவிட்டுப் போகலாம். முன்பணத்தில் கொஞ்சம் திருப்பித் தருகிறேன், இந்தக் கோரிக்கையை ஏற்று யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால், அது நான் இல்லை. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. அதைப் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று பொருள். ஓடிபி, ஆதார் எண், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் எதையும் இந்த மாற்றத்துக்காக உங்களிடம் கேட்கமாட்டேன். என் மகளும் கேட்கமாட்டாள். இதைப் பற்றி அவள் உங்களை அழைக்கவும் மாட்டாள்.

அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக்கு ரசீது கொடுப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். என் பான் எண் அதேதான், ரசீதும் என் கையெழுத்தில் வழக்கம்போல வரும். நடுவில் கணக்கு ஏன் மாறியது என்று உங்கள் கணக்குப் பிரிவினர் கேட்டால், உறையில் இருக்கும் இணைப்பின் நகலைக் கொடுங்கள். அதுவும் போதவில்லை என்றால் சொல்லுங்கள், தனிக் கடிதம் தருகிறேன்.

ஒருவேளை இந்த நாட்களில் யாராவது ஏமாந்து வேறெங்கோ பணம் போட்டுவிட்டால், என்னிடம் சொல்லத் தயங்கி ஒருநாள் கடத்தாதீர்கள். முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அடுத்து உங்கள் வங்கிக்கு, மூன்றாவதாக எனக்கு. cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. அந்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்பதை அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 31க்குள் ஐந்து வீட்டுக்காரர்களும் என்னோடு பேசி எண்ணைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று நோட்டில் ஐந்து கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பேசாதவர்கள் ஆகஸ்டிலும் பழைய கணக்கிலேயே போடுங்கள், தாமதம் என்று சொல்லமாட்டேன். சரிபார்க்காமல் புதியதில் போடுவதைவிட அது எனக்கு மேல். தரைத்தளத்துப் பின்பக்கத்தில் செல்வத்தின் அம்மாவுக்கு மின்னஞ்சல் பழக்கமில்லை. செல்வம், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாடகை உங்கள் கணக்கிலிருந்து போனாலும் வீட்டில் பகலில் போன் எடுப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
இரா. விசுவநாதன்

பி.கு.: 21ஆம் தேதி வரும்போது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் பார்க்கிறேன். ஒருவர் மதியத்துக்கு மேல் சாவியோடு இருந்தால் உதவியாக இருக்கும்.