காணவில்லை: குன்னி, மூவண்ணப் பூனை

பத்மநாபபுரம் கோட்டைக்குள், நீலகண்டசாமி கோயிலுக்கு வடபுறத் தெருவிலிருந்து 2026 பிப்ரவரி 11, புதன்கிழமை மாலை 4.30 மணி முதல் காணவில்லை.

பெண் பூனை. வயது 3. வெள்ளை உடம்பில் ஆரஞ்சும் கறுப்புமாகத் திட்டுகள். இடது காது நுனி நேராக வெட்டுப்பட்டிருக்கும். வால் நுனி கொக்கியாக வளைந்திருக்கும்.

பார்த்தால் தயவுசெய்து துரத்த வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே ஒரு போட்டோ எடுத்துவிட்டு உடனே போன் பண்ணுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்போம். எண், தாளின் அடியில் தொங்கும் சீட்டுகளில் இருக்கிறது. ஒன்றைக் கிழித்துக்கொண்டு போங்கள், நோட்டீஸை விட்டுவையுங்கள்.

சரியான தகவலுக்கு ரூ.500. பூனை கைக்கு வந்தால் ரூ.3,000.

நடந்து போகிறவர்களுக்கு இவ்வளவு போதும். நின்று வாசிக்க நேரமிருந்தால் மிச்சத்தையும் பாருங்கள்.

அடையாளம்

மேலே இடப்பக்கப் படத்தில் முகம், வலப்பக்கத்தில் வால். வலது கண்ணைச் சுற்றிக் கறுப்பு, இடது கண்ணுக்கு மேலே ஆரஞ்சு, நடுவில் நெற்றியிலிருந்து மூக்குவரை வெள்ளைக் கோடு. மூக்கு இளஞ்சிவப்பு, அதன் இடது ஓரத்தில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. மோவாய், நெஞ்சு, நான்கு பாதம் எல்லாம் வெள்ளை. முதுகில் மூன்று பெரிய திட்டுகள், நடுவிலிருப்பது கறுப்பு. வால் அடியில் ஆரஞ்சு, பிறகு கறுப்பு, கடைசி இரண்டு சென்டிமீட்டர் இடப்பக்கமாக மடங்கியிருக்கும். அது பிறவியிலேயே அப்படி. அடிபட்டதல்ல, நிமிர்த்திப் பார்க்க வேண்டாம்.

சின்ன உருவம், எடை 3.2 கிலோ. கருத்தடை செய்தது, அதற்கான அடையாளம்தான் காது வெட்டு. கழுத்தில் பட்டை இல்லை. யாராவது எடுத்து வைத்துப் புதிதாகப் பட்டை கட்டியிருக்கலாம், ஆகவே பட்டையைப் பார்த்து வேறு பூனை என்று விட்டுவிடாதீர்கள். காதையும் வாலையும் பாருங்கள்.

தக்கலை சந்தைப் பக்கம் இதே நிறத்தில் இன்னொரு பூனை திரிகிறது. அதற்குக் காது முழுசு, வால் நேர். பாவம், அதைப் பிடித்துக் கொண்டுவர வேண்டாம்.

எங்கே இருக்கும்

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை. ஓடு மாற்றுகிறவர்கள் மேலே ஏறித் தட்டியபோது மச்சுவழியாக வெளியே பாய்ந்து, மதில்மேல் கிழக்கே ஓடியது. இப்படி மிரண்டு ஓடுகிற வீட்டுப் பூனை ஊரெல்லாம் சுற்றாது. முதலில் அகப்பட்ட இருட்டு மூலையில் புகுந்து அங்கேயே கிடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், வளர்த்தவர் குரலே கேட்டாலும் சத்தம் கொடுக்காது. பயந்த பூனை தன் இடத்தைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் பார்க்கும். அதனால் "எங்க வீட்டுப் பக்கம் சத்தமே கேக்கல, இங்க இருக்காது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அக்கம்பக்கத்தார் ஒருதரம் குனிந்து பார்க்க வேண்டிய இடங்கள்: விறகுப்புரை, தொழுத்து, அடுக்கிவைத்த தேங்காய் மட்டைக்கு உள்ளே, ரப்பர் ஷீட் போடும் புரை, மோட்டார் ரூம், தண்ணீர்த் தொட்டிக்கு அடி, படிக்கட்டுக்கு அடி, ஓட்டுக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட இடம். கோட்டைச் சுவரில் கல் பெயர்ந்த பொந்துகளிலும் வேர் பிடித்த இடுக்குகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பகலில்கூட டார்ச் வேண்டும். உடம்பு தெரியாது, கண்தான் பச்சையாக மின்னும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. திறந்து பெருக்கப் போன நேரத்தில் பூனை உள்ளே நுழைந்து, பிறகு கதவு பூட்டியிருந்தால் தண்ணீர்கூடக் கிடைக்காது. சாவி வைத்திருப்பவர்கள் ஒருமுறை திறந்து, கட்டிலுக்கு அடியும் பீரோவுக்குப் பின்னாலும் பாருங்கள். நீங்கள் கூப்பிட்டால் நாங்களும் கூட வருகிறோம்.

அரண்மனைக்கு வரும் வேன், கார் ஓட்டுநர்களுக்கு: வண்டியை எடுக்குமுன் பானட்டை இரண்டு தட்டு தட்டி, அடியில் ஒருமுறை பாருங்கள். இன்ஜின் சூட்டுக்குப் பூனை மேலே ஏறிப் படுத்துக்கொள்ளும். இங்கிருந்து திருவனந்தபுரமோ கன்னியாகுமரியோ போய் இறங்கிவிட்டால் அப்புறம் தேடுவது எங்கே? திங்கட்கிழமை அரண்மனை விடுமுறை, வண்டி நிற்கும் இடத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. அன்றைக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். அங்கே கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாள்களில் தெரு அடங்கிய பிறகு, ராத்திரி 11 மணிக்கு மேலும் விடிகாலை 4 முதல் 5 மணிவரையும்தான் வெளியே வரும். பால் போடுகிறவர்கள், டியூட்டிக்குப் போகிறவர்கள், அந்நேரத்தில் நடக்கிறவர்கள் கண்ணில் படுவதற்கே சாத்தியம் கூடுதல்.

பார்த்துவிட்டால் எப்படி நெருங்குவது

போன் பண்ணி, நாங்கள் வரும்வரை அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. கூட்டம் சேர்க்க வேண்டாம். நாய் இருந்தால் கட்டிப்போடுங்கள். பிள்ளைகளே, நீங்கள் பிடிக்கப் போக வேண்டாம். ஓடிவந்து சொன்னாலே அந்த 500 ரூபாய் உங்களுக்குத்தான்.

நாங்கள் வருமுன் நகர்ந்துவிடும் போலிருந்தால் இப்படிச் செய்யுங்கள். ஐந்தாறு அடி தள்ளியே உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்தால் மேலே பாய வருவதாக நினைக்கும். நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, பார்வையைத் தரையில் வையுங்கள். அது உங்களைப் பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். "குன்னீ" என்று தணிந்த குரலில், கடைசியை இழுத்துக் கூப்பிடுங்கள். "ச்சூ" போட வேண்டாம், அது விரட்டுகிற சத்தம். எவர்சில்வர் கிண்ணத்தில் கரண்டியால் மெதுவாக மூன்று தட்டு தட்டினால் சாப்பாடு என்று அதற்குத் தெரியும்.

வேகவைத்த சாளையோ நெத்திலியோ ஒரு துண்டு வைத்துவிட்டுப் பின்னால் நகருங்கள். உப்பும் மசாலாவும் இல்லாமல் இருக்கட்டும். மீன்குழம்பு கொடுக்காதீர்கள், அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். பாலும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீர் போதும். துண்டு சின்னதாக இருக்கட்டும், வயிறு நிறைந்துவிட்டால் பிறகு கிண்ணச் சத்தத்துக்கு வராது.

தானாகக் கிட்டே வந்தால் உடனே தூக்காதீர்கள். விரலை மூக்கு மட்டத்தில் நீட்டி முகர விடுங்கள். கன்னத்தைத் தேய்த்தால் தாடைக்கு அடியில் தடவலாம். தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோக வேண்டாம். காது பின்னால் படிந்தாலோ, வால் புடைத்தாலோ, அடித்தொண்டையில் உறுமினாலோ கையை எடுத்துவிட்டு விலகுங்கள். அதற்குமேல் முயன்றால் கடிதான் கிடைக்கும். பூனையும் அந்த இடத்தையே விட்டுப் போய்விடும்.

தூக்கியே ஆகவேண்டும் என்றால் பெரிய தேங்காய்ப்பூத் துண்டை மேலே போர்த்தி, ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் மறு கை பின்னங்கால்களுக்கு அடியிலுமாக உடம்போடு அணைத்து எடுங்கள். கழுத்துத் தோலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி நல்லது, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். சாக்கில் போட்டால் இந்த வெயிலில் மூச்சு முட்டும். பைக்கில் மடியில் வைத்துக் கொண்டுவரவே வேண்டாம், ஹாரன் சத்தத்தில் குதித்துவிடும்.

பெட்டி இல்லாவிட்டால் குளியலறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அதற்குமுன் வென்டிலேட்டரை அடைத்து, வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு எட்டிப் பார்க்கவென்று கதவைத் திறக்காதீர்கள். கதவிடுக்கில் நழுவிப் போவது ஒரு நொடி வேலை.

கிணறு, மரம்

கிணற்றில் விழுந்திருந்தால் கயிறு கட்டிய கடவத்தில் கல்லொன்று வைத்து, பாதி நீரில் அமிழும்படி இறக்குங்கள், பற்றி ஏறிக்கொள்ளும். மேலே தூக்கும்போது ஆட்டாதீர்கள். யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம், 101-க்குச் சொல்லுங்கள். மரத்தில் இருந்தால் கல் எறிய வேண்டாம். ஆளும் நாயும் விலகினால் ராத்திரியில் பெரும்பாலும் தானே இறங்கும். அடியில் சாப்பாடு வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

கடித்தால், பிறாண்டினால்

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் அப்பாதீர்கள், கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே தக்கலை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். குன்னிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறது. ஆனாலும் உங்களைக் கடித்தது குன்னிதானா என்று அந்த நேரத்தில் உறுதி சொல்ல முடியாது. செலவு எங்களுடையது.

பூனைக்கு அடிபட்டிருந்தால் நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். பாரசிட்டமால் கொஞ்சம் போனாலும் பூனை செத்துப்போகும். பெட்டியில் அசையாமல் வைத்து எங்களைக் கூப்பிடுங்கள்.

போனில் பேசும்போது

போட்டோவோ வீடியோவோ கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தாளில் எழுதாத அடையாளம் ஒன்று உண்டு, அதையும் கேட்போம். "பூனை எங்கிட்ட இருக்கு, முதல்ல ஜிபே பண்ணுங்க" என்று சொல்கிறவர்களுக்குப் பணம் போகாது. பூனையைக் கண்ணால் பார்த்ததும் கையில் தருவோம்.

யாராவது ஆதரவில்லாத பூச்சை என்று நினைத்து எடுத்து வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு நன்றி. எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம். பிள்ளைகள் பழகிவிட்டார்கள் என்றால் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், வீடு திறந்தே இருக்கும்.

தூய்மைப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலையில் இறந்து கிடப்பதைப் பார்த்தால் எடுக்குமுன் காதையும் வாலையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கெட்ட செய்தி என்று தயங்க வேண்டாம், அந்தத் தகவலுக்கும் நன்றியோடு வந்து பார்ப்போம்.

நேரில் வருவதானால்: கோயிலின் வடபுறத் தெரு, பச்சைக் கேட், முற்றத்தில் முருங்கை நிற்கும் ஓட்டு வீடு. பூனை கிடைத்ததும் நோட்டீஸை நாங்களே எடுத்துவிடுவோம். அதுவரை இதன்மேல் வேறு தாள் ஒட்டாதீர்கள்.