கார்பெட் ஏரியா, பில்ட் அப் ஏரியா: உங்கள் கோண்டாவில் வீட்டின் கணக்கு

யாழ்ப்பாணம்
12.03.2025

மதிப்புக்குரிய ரீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் அதனுடன் வந்த கொப்பித் தாளும் கிடைத்தன. அறை அறையாக நீங்களும் சேர் அவர்களும் அளந்து எழுதியிருந்த கணக்கை வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தேன். நீங்கள் அளந்ததில் பிழை இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள 1,432 சதுர அடியும் பிழை இல்லை. ஆனால் உங்கள் தாளில் கூட்டுத்தொகை 1,012 என்று வருகிறது. நடுவில் உள்ள 420 சதுர அடி எங்கே போனது என்பதுதான் கேள்வி. "எங்களை ஏமாற்றிவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி. காசு மகள் கனடாவில் உழைத்து அனுப்பியது. அவரும் படிக்கும்படியாக விரிவாகவே எழுதுகிறேன்.

அறைக்குள் காலூன்றி நிற்கக்கூடிய, சுவருக்குச் சுவர் விரிப்புப் போடக்கூடிய இடம் கார்பெட் ஏரியா. வீட்டை வெளியே சுற்றி வந்து, வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து மறு வெளி விளிம்பு வரை அளந்தால் வருவது பில்ட் அப் ஏரியா. நீங்கள் அளந்தது முதலாவதை. ஒப்பந்தம் எழுதப்பட்டது இரண்டாவதில்.

நேரில் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சாமியறை யன்னல் அருகே போய், வெளிப் பூச்சிலிருந்து உள் பூச்சு வரை சுவரின் தடிப்புக்கு நாடாவைப் பிடியுங்கள். 9 அங்குலம் வரும். எட்டு அங்குலக் கல், உள்ளே அரை அங்குலப் பூச்சு, வெளியே அரை அங்குலப் பூச்சு. பிறகு நடு மண்டபத்துக்கும் உங்கள் படுக்கையறைக்கும் இடையிலுள்ள கதவு நிலையில் அளந்தால் 7 அங்குலம். அது ஆறு அங்குலக் கல்.

இனி வீட்டின் நீளப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே நின்று அளந்தால் 40 அடி. உள்ளே அதே கோட்டில் மூன்று இடங்கள்: படுக்கையறை 11 அடி 6 அங்குலம், மண்டபம் 14 அடி 4 அங்குலம், மற்றப் படுக்கையறை 11 அடி 6 அங்குலம். கூட்டினால் 37 அடி 4 அங்குலம். மிச்சம் 2 அடி 8 அங்குலம் நான்கு சுவர்களுக்குள் இருக்கிறது. ஒரே கோட்டில் இவ்வளவு என்றால் வீடு முழுவதும் எவ்வளவு என்று நீங்களே ஊகிக்கலாம்.

முழுக் கணக்கு இது. வீட்டின் உடல் 40 அடிக்கு 31 அடி, அதாவது 1,240 சதுர அடி. அதில் சுற்றியுள்ள வெளிச்சுவர் மட்டும் 104 சதுர அடி பிடிக்கிறது. உட்சுவர்களின் மொத்த நீளம் 96 அடி. 7 அங்குலத் தடிப்பில் அது 56 சதுர அடி. பின்னாளில் மேல்மாடி எடுப்பதற்காக இப்போதே கட்டி வைத்த படிக்கட்டின் இடம் 63. உங்கள் தாளில் படிக்கட்டு இல்லை. அது அறை இல்லை என்பதால் விட்டிருப்பீர்கள். முன்விறாந்தை 18 அடிக்கு 6 அடி, 108. அதுவும் தாளில் இல்லை. கார் நிறுத்தும் போர்டிகோ 14 அடிக்கு 12 அடி, 168. ஒப்பந்தக்காரர் அதில் பாதியை, 84ஐ மட்டும் சேர்த்திருக்கிறார். இந்த ஐந்தையும் கூட்டினால் 415. மிச்சமாக நிற்கும் 5 சதுர அடியும் களவு போகவில்லை. நீங்கள் நாடாவைத் தரையோடு பிடித்திருக்கிறீர்கள்; அங்கே சுவரடிப் பூச்சு மேற்பூச்சுக்கு முன்னால் சிறிது தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு அறையிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

அண்ணன் மகன் சென்னையிலிருந்து "கார்பெட் ஏரியாவுக்குத்தானே காசு கொடுக்க வேண்டும்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது அவர் வாங்கிய மாடிவீட்டுக்குச் சரி. அங்கே கட்டி முடித்த வீட்டை விற்கிறார்கள். முன்பெல்லாம் லிஃப்ட், பொதுப் படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றிலும் ஒரு பங்கை வாங்குபவரின் தலையில் ஏற்றி, அதற்கு சூப்பர் பில்ட் அப் என்று பெயர் வைத்து விற்றார்கள். ஆயிரம் சதுர அடி என்று காசு கொடுத்தவர் உள்ளே போய் அளந்து திகைத்த கதைகள் ஏராளம். அதனால்தான் 2016ஆம் ஆண்டு இந்தியாவில் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் ஏரியாவை வரையறுத்து, அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றது.

அந்தச் சட்டத்தில் அவர் கவனித்திருக்க மாட்டார் என்று நான் நினைக்கும் ஒன்று இருக்கிறது. அதன்படி வெளிச்சுவரும் பால்கனியும் விறாந்தையும் திறந்த மொட்டைமாடியும் கார்பெட் ஏரியாவில் சேராது. ஆனால் வீட்டுக்குள் அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் சேரும். அந்த அளவுகோலில் உங்கள் வீட்டை அளந்தால், படிக்கட்டையும் உள்ளே எடுத்து, 1,136 சதுர அடி வரும். ஆக ஒரே வீட்டுக்கு நீங்கள் அளந்தபடி 1,012, சென்னைக் கணக்கில் 1,136, ஒப்பந்தத்தில் 1,432. மூன்றும் உண்மையான எண்கள். எதை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல் வருகிறது. உங்கள் வீட்டில் பொது நடைபாதையும் இல்லை, லிஃப்டும் இல்லை. சூப்பர் பில்ட் அப் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. அந்தச் சட்டம் இலங்கைக்கு உரியதும் அல்ல.

நீங்கள் வீடு வாங்கவில்லை, கட்டுவிக்கிறீர்கள். ஒப்பந்தக்காரருக்குச் செலவு வெறும் தரையில் இல்லை. அத்திவாரம் வெட்டுவது சுவருக்குக் கீழேதான். கல், சீமெந்து, மணல், பூச்சு, மேசன் கூலி எல்லாம் சுவருக்குள்தான் போகின்றன. சதுர அடிக்கு 9,500 ரூபாய் என்று அவர் சொன்ன விலை, சுவரும் விறாந்தையும் சேர்ந்த அளவை மனதில் வைத்துச் சொன்ன விலை. 1,432ஐ அதால் பெருக்கினால் ஒரு கோடியே 36 இலட்சத்து 4 ஆயிரம். அதே வீட்டை நீங்கள் அளந்த 1,012 என்ற உள் அளவில் எழுதச் சொல்லியிருந்தால், அவர் சதுர அடிக்கு ஏறத்தாழ 13,440 என்று எழுதியிருப்பார். கையிலிருந்து போகும் காசு ஒன்றுதான். இரண்டு ஒப்பந்தக்காரரின் விலையை ஒப்பிடும்போது இதைப் பார்க்காவிட்டால்தான் உண்மையில் ஏமாறுவோம். ஒருவர் 9,000 என்று சொல்லிப் போர்டிகோவையும் கூரை நீட்டங்களையும் முழுதாகச் சேர்ப்பார். இன்னொருவர் 9,800 என்று சொல்லி அவற்றை விட்டுவிடுவார். விலை குறைந்தவர் முதலாமவர் என்று தோன்றும்.

சுவரை ஒடுக்கியிருந்தால் அறைகள் பெருத்திருக்குமே என்றும் கேட்டிருந்தீர்கள். கணக்குப் பார்த்தேன். வெளிச்சுவருக்கும் ஆறு அங்குலக் கல்லையே வைத்திருந்தால் வீடு முழுவதற்கும் சேர்த்து உங்களுக்கு 23 சதுர அடி கூடியிருக்கும். ஒவ்வொரு அறையிலும் பார்த்தால் ஒரு சாண்கூட வராது. அதற்காக, நாளைக்கு மேல்மாடியின் பாரத்தைத் தாங்கப்போகும் சுவரை ஒடுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேற்குப் பக்க அறையில் பங்குனி, சித்திரை வெயில் எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் அப்பாவின் பழைய கல்வீட்டுச் சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. இந்த வீட்டின் அறைகளை அந்தச் சுவரால் கட்டியிருந்தால் வெளிச்சுவர் மட்டும் 213 சதுர அடி பிடித்திருக்கும், இப்போதுள்ளதைப் போல இரண்டு மடங்கு. அந்த வீட்டின் குளிர்ச்சிக்குப் பாதிக் காரணம் அந்தச் சுவர்தான். சுவருக்குப் போன இடத்தை வீண்போன இடமாக எண்ண வேண்டாம் என்று உங்களை உரிமையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

காணியைப் பற்றிய கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பரப்பு என்பது 20 பேர்ச்சஸ், 5,445 சதுர அடி. விறாந்தையையும் போர்டிகோவையும் முழுதாகச் சேர்த்தாலும் வீடு நிலத்தில் பிடிப்பது 1,516 சதுர அடி. காற்பங்கை விடச் சற்றுக் கூட. கிணற்றடிக்கும் மாமரத்துக்கும் ஒன்றும் ஆகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒப்பந்தத்தில் எனக்குத் திருப்தி இல்லாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். அதில் "மொத்தம் 1,432 சதுர அடி" என்று ஒரே வரி இருக்கிறது. எதிலிருந்து எதுவரை அளந்தது, விறாந்தை முழுதா, போர்டிகோ பாதியா என்று ஒரு சொல்லும் இல்லை. போர்டிகோவைப் பாதியாக எடுப்பது இங்கே பலர் பின்பற்றும் வழக்கம். எழுதி வைக்காத வழக்கம் இறுதிப் பில் வரும் நாளில் மாறிவிடக்கூடும். அவர் நல்ல வேலைக்காரர், பூச்சின் நேர்த்தியே அதைச் சொல்கிறது. இருந்தாலும் எழுத்தில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

ஆகவே ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன். 1,240, 108, 84 என்ற மூன்று அளவுகளும் அவை எப்படி வந்தன என்பதும் அதில் இருக்கின்றன. படிக்கட்டு 1,240க்குள் அடங்கியது, அதற்குத் தனியாகக் காசு இல்லை. யன்னல்களுக்கு மேலுள்ள கொங்கிறீற் தட்டுகளும் கூரையின் வெளிநீட்டமும் சதுர அடிக் கணக்கில் வராது. மலக்குழியும் தண்ணீர்த் தாங்கியும் மதிலும் தனி விலை. இவ்வளவும் எழுதியிருக்கிறேன். ரைல்ஸ் வேலைக்கான அடுத்த தவணையைக் கொடுப்பதற்கு முன் நீங்களும் அவரும் அதில் கையெழுத்து வையுங்கள். ரைல்ஸுக்கு மட்டும் இந்த எண் எதுவும் உதவாது: அதை உங்கள் கொப்பித் தாளில் உள்ள அறை அளவுகளை வைத்துத்தான் வாங்க வேண்டும், வெட்டி வீணாவதற்குக் கொஞ்சம் சேர்த்து. 1,432க்கு ரைல்ஸ் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வளவுக்கு வருகிறேன். ஒப்பந்தக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். ஒப்பந்தத்தின் மூலப் பிரதியையும் அளவு நாடாவையும் கையில் வைத்திருங்கள். மூவரும் சேர்ந்து வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை அளப்போம். சேரிடம் என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
க. சிவரூபன்
கட்டடக்கலைஞர்